13.6 என்ன சொல்கிறது?

பள்ளியில் எழுதுவதும் நமக்குச் சோதனைதான். வீட்டில் கஷ்டம் வந்தால், “கடவுள் சோதிக்கிறாரு” என்கிறோம், அதுவும் சோதனைதான். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, குளுக்கோமீட்டரில் வைத்து, ஐந்து வினாடி காத்திருப்பதையும் ‘சோதனை’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நீரிழிவு வந்து ஆறு வாரமே ஆன ஒரு 14 வயதுப் பிள்ளையின் காதில் அந்தச் சொல் எப்படி விழும்? ஒரு நாளைக்கு நான்கு முறை சோதனை. நான்கு முறையும் பாஸா, ஃபெயிலா என்று பார்க்க வீட்டில் எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள்.

நீரிழிவுப் பராமரிப்புத் தாதியாக நான் சந்திக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பது எளிது. ஒரு வாரத்தில் கை பழகிவிடும். எண்ணைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் நாளெடுக்கும். அண்மையில் படிவம் இரண்டில் படிக்கும் ஒரு மாணவியோடு அப்படிப் பேசியதை அவள் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

அவளுக்கு வந்திருப்பது முதல் வகை நீரிழிவு. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. சீனி அதிகம் சாப்பிட்டதால் வந்ததல்ல. இதை அவள் பாட்டியிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். நான்காவது முறையும், “சின்ன வயசுலேர்ந்து மைலோவுல சீனி அள்ளிப் போட்டுக் குடிப்பா மிஸ்ஸி, அதான்” என்றார். பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. நம் வீடுகளில் ‘இனிப்புநீர்’ என்றால் தாத்தாவுக்கு வந்ததுதான் நினைவுக்கு வரும். கால் புண், கண் மங்கல், “வாயைக் கட்டுங்க” என்று டாக்டர் திட்டியது, எல்லாம் அந்த ஒரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். தாத்தாவின் நோய்க்குச் சொன்ன பேச்சு முழுவதும் இப்போது பேத்தியின் தலையில் விழுகிறது.

அவளுக்கு இரவு 9 மணிக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் 12 யூனிட். அதோடு மூன்று வேளை சாப்பாட்டுக்கும் முன்னால் விரைவு இன்சுலின். எடை 42 கிலோ.

நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். கோடு போட்டு, தேதி எழுதி, அத்தனை அழகு. 6.1, 6.8, 5.9, 7.0, 6.4. இரண்டு வாரத்துக்கும் ஒரே நீல மை. ஒரு பக்கத்தில்கூட எண்ணெய்க் கறையோ அடித்தல் திருத்தமோ இல்லை. நெடுநாள் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அப்படிப்பட்ட புத்தகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும். உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது.

“மீட்டரைக் கொடும்மா” என்று வாங்கி, நினைவகப் பொத்தானை அழுத்தினேன். எழுந்ததும் பார்த்த அளவுகள் வரிசையாக வந்தன: 13.6, 12.9, 5.9, 14.1, 6.4, 13.3.

அவள் முகம் வெளுத்துவிட்டது. அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் அவரைப் பார்த்து, “அம்மா, வெளியில கெந்தீன்ல ஒரு தே ஓ குடிச்சிட்டு வர்றீங்களா? பத்து நிமிஷம்” என்றேன்.

“ஏன் மாத்தி எழுதின?” என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்ததுதான். வேறு ஒன்றைக் கேட்டேன். “மீட்டர்ல 13.6 வந்ததும் வீட்டுல என்ன நடக்கும்?”

“அம்மா, ‘நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?’ன்னு கேப்பாங்க. நான் ஒண்ணும் சாப்பிடலன்னு சொல்லுவேன். அப்பா, ‘பொய் சொல்லாத’ன்னு சொல்லுவாரு.”

“உண்மையிலேயே ஒண்ணும் சாப்பிடலையா?”

“இல்ல மிஸ்ஸி. சத்தியமா.”

அவளை நான் நம்பினேன். இரவு ஒன்றுமே சாப்பிடாமல் தூங்கினாலும் காலையில் 13.6 வரலாம். அதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. அந்த மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு ஆபத்தாகக்கூட முடியும்.

முதல் காரணம், படுக்கும்போதே அளவு ஏறியிருந்து, விடியும் வரை அப்படியே நிற்பது. இரவுச் சாப்பாட்டு ஊசியின் அளவு போதவில்லை, அல்லது சாப்பிட்ட பிறகு தாமதமாகப் போட்டது என்று பொருள். இரண்டாவது, நள்ளிரவு வரை சீராக இருந்துவிட்டு, விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு மேல் ஏறுவது. அந்த நேரத்தில் உடல் விழித்தெழத் தயாராகிறது. வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசோலும் கல்லீரலைத் தட்டி எழுப்பி, சேர்த்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் விடச் சொல்கின்றன. நமக்கெல்லாம் கணையம் உடனே கொஞ்சம் இன்சுலினைச் சுரந்து சரிசெய்துவிடும், நமக்குத் தெரிவதே இல்லை. அவளுக்கு அந்தக் கணையம் இல்லை. பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் என்பதால் இந்த ஏற்றமும் அதிகம். மூன்றாவது, நடு இரவில் அளவு கீழே இறங்கி, அதைச் சமாளிக்க உடலே சர்க்கரையை வெளிவிட்டு மேலே கொண்டுவருவது. இது முன்பு நினைத்த அளவுக்கு அடிக்கடி நடப்பதில்லை என்றாலும், பார்க்காமல் ஒதுக்கிவிட முடியாது.

இதை அவளுக்கு இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. ஒரு தாளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை கோடு ஒன்று இழுத்தேன். காலை 6 மணியில் மட்டும் 13.6 என்று ஒரு புள்ளி வைத்தேன். “இந்தப் புள்ளிக்கு எந்த வழியா வந்திருக்கும்? வரைஞ்சு காட்டு” என்றேன். நேராக ஒரு கோடு போட்டாள். “வேற வழி?” கடைசியில் சட்டென்று ஏறும் ஒரு கோடு. “இன்னும்?” யோசித்து, கீழே இறங்கி மேலே ஏறும் ஒரு கோடும் போட்டாள்.

“மூணுல எது?”

“தெரியலையே மிஸ்ஸி.”

“எனக்கும் தெரியாது. 13.6க்கும் தெரியாது. அது கடைசிப் புள்ளி, அவ்வளவுதான். நடுவுல ஒரு புள்ளி கிடைச்சா சொல்லிடலாம்.”

நடுப்புள்ளி என்பது விடியற்காலை 3 மணி அளவு. மூன்று இரவுகள் மட்டும் படுக்கும்போது, 3 மணிக்கு, எழுந்ததும் என்று மூன்று முறை பார்த்து எழுதி வரச் சொன்னேன். தினமும் வேண்டாம், அதில் பிள்ளையும் தூக்கம் கெடும், தாயும் தூக்கம் கெடும். எந்த மூன்று இரவு என்று முடிவு செய்யும்போதுதான் அவளுடைய வாரம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். செவ்வாயும் வியாழனும் பள்ளியில் மாலை 4 முதல் 6 வரை பூப்பந்துப் பயிற்சி.

மீட்டரில் வந்த அளவுகளின் தேதியைப் பார்த்தோம். 5.9 ஒரு புதன் காலை. 6.4 ஒரு வெள்ளிக் காலை.

தே ஓ குடித்துவிட்டு வந்த அம்மாவிடம் இதைக் காட்டியதும், “ஆமாம் மிஸ்ஸி, அந்த ரெண்டு நாள் மட்டும் நல்லா இருந்துச்சு. அன்னைக்குச் சந்தோஷமா ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன்” என்றார். என் கவலையோ 13.6இல் இல்லை, அந்த ‘நல்ல’ 5.9இல்தான் இருந்தது. மற்ற நாளெல்லாம் விடியலில் ஐந்து போல ஏறும் பிள்ளைக்கு, ஏறிய பிறகும் 5.9 என்றால், ஏறுவதற்கு முன்னால் அது எங்கே இருந்திருக்கும்?

“புதன்கிழமை எந்திரிக்கும்போது தலைவலி இருக்கா? பனியன் நனைஞ்சிருக்கா?” என்று கேட்டேன். அவள் கண்ணை விரித்தாள். “வியர்வை வரும். ஃபேன் சரியில்லன்னு நினைச்சேன்.”

அடுத்த வாரம் மூன்று இரவின் கணக்கு வந்தது. ஞாயிறு இரவு படுக்கும்போது 7.6, மூன்று மணிக்கு 8.0, ஆறு மணிக்கு 13.2. திங்கள் இரவு 8.3, 7.9, 12.9. இரண்டும் ஒரே கதை. மூன்று மணி வரை அசையவில்லை, பிறகு ஏறுகிறது. அது விடியல் ஹார்மோனின் வேலை. சாப்பாடும் காரணமில்லை, பொய்யும் இல்லை. அப்பா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய் இரவு படுக்கும்போது 7.8. மூன்று மணிக்கு 3.4.

4க்குக் கீழே இறங்கினால் அது தாழ்நிலை. அம்மா சொன்னபடி செய்திருந்தார். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தால் 5.6. (அந்த நேரத்தில் சாக்லெட் கொடுப்பவர்கள் உண்டு. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். சீனித் தண்ணீரோ குளுக்கோஸோதான் வேகம். பிள்ளைக்கு நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 999தான்.)

ஆறு மணிக்கு முடிந்த பயிற்சி எப்படி விடியற்காலை மூன்று மணிக்கு அளவை இறக்கும்? விளையாடும்போது தசைகள் தம்மிடம் சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழித்துவிடும். பிறகு பல மணி நேரம், சில சமயம் மறுநாள் வரைகூட, இரத்தத்திலிருந்து எடுத்துத் தம் கிடங்கை நிரப்பிக்கொள்ளும். இன்சுலினும் அப்போது கூடுதலாக வேலை செய்யும். அவளோ எல்லா இரவும் ஒரே 12 யூனிட் போட்டுக்கொள்கிறாள்.

இந்த மூன்று இரவைப் பார்க்காமல், காலை அளவு 13, 14 என்று மட்டும் தெரிந்திருந்தால், “ராத்திரி ஊசி பத்தல, கூட்டுங்க” என்று தோன்றுவது இயல்பு. 12ஐ 14 ஆக்கினால் ஞாயிறும் திங்களும் கொஞ்சம் இறங்கியிருக்கும். செவ்வாய் இரவு என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகத்தில் இருந்த 6.1, 6.8 என்பதை நம்பியிருந்தாலோ, எதையும் மாற்றாமல் விட்டிருப்போம். அப்போதும் செவ்வாய்தோறும் அந்த 3.4 வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

டாக்டர் முடிவு செய்தது இதுதான். பயிற்சி இல்லாத இரவுகளில் 12 யூனிட் அப்படியே. மூன்று மணி வரை கோடு நேராகப் போகிறது, அதைத் தொட்டால் நடுப்பகுதிதான் கீழே போகும். விடியலில் ஏறியதைக் காலை ஊசியில் சரிசெய்துகொள்ளலாம். அவளுக்கு ஒரு யூனிட் விரைவு இன்சுலின் சுமார் 3 இறக்கும் என்று கணக்கு. எழுந்ததும் 12.9 என்றால், உணவுக்குப் போடுவதோடு 2 யூனிட் சேர்த்து, சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போடவேண்டும். பயிற்சி நாள் இரவில் 12க்குப் பதில் 10. படுக்கும்போது 8க்குக் கீழே இருந்தால் ஊசி போடாமல் இரண்டு துண்டு ரொட்டி. இந்த எண்கள் அவளுடைய எடைக்கும் அவளுடைய உடலுக்கும் போட்டவை. வாசிக்கும் யாரும் தங்கள் பிள்ளைக்கு எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. மூன்று இரவு பார்க்கும் முறையை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

“அப்ப காலையில 13 வந்தா பரவாயில்லையா மிஸ்ஸி?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடுதான். ஆனால் அன்றைக்கு வந்த 13க்கு ஒரு வேலை இருக்கிறது: 2 யூனிட். அதைச் செய்தால் அந்த எண்ணின் வேலை முடிந்தது. அதற்காக அழவோ, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகவோ தேவையில்லை.

தாமதிக்காமல் கவனிக்க வேண்டிய எண்களும் உண்டு. 4க்குக் கீழே என்றால் வகுப்பு நடந்துகொண்டிருந்தாலும் உடனே சீனித் தண்ணீர். 14க்கு மேலே ஏறி, இறங்காமல் நின்றால், கீட்டோன் பார்க்க வேண்டும். அதோடு வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குதல் வந்தால் மருத்துவமனை, அன்றே, அப்போதே. காய்ச்சலில் சாப்பிட முடியவில்லை என்றாலும் இரவு ஊசியைத் தானாக நிறுத்தக் கூடாது. கஷாயம் குடித்தால் ஊசியை விட்டுவிடலாம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். முதல் வகைக்காரர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

வாட்ஸ்அப் என்றதும் இன்னொன்று. தமிழ்நாட்டு உறவினர்கள் 180, 200 என்று பேசுவார்கள். அது மில்லிகிராம் கணக்கு. நம் மீட்டர் காட்டுவது மில்லிமோல். அவர்கள் எண்ணை 18ஆல் வகுத்தால் நம் எண் வரும். அவர்கள் 180 என்பது நமக்கு 10. இது தெரியாமல் பாட்டி ஒரு நாள், “ஊர்ல அத்தைக்கு 160, உனக்கு 13தானே, போய்ச் சாப்பிடு” என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மட்டும் பேத்திக்குப் பாட்டியின் கணக்குப் பிடித்துப்போனது.

மீட்டரே எவ்வளவு துல்லியம் என்பதும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. பொதுவாக நடைமுறையில் உள்ள அனைத்துலகத் தரப்படி, வீட்டு மீட்டர் 15 விழுக்காடு வரை கூடவோ குறையவோ காட்டலாம். உண்மையில் 10.0 இருந்தால் திரையில் 8.5 வரலாம், 11.5உம் வரலாம். இரண்டுமே மீட்டர் ஒழுங்காக வேலை செய்வதாகத்தான் அர்த்தம். இதைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள். ஒரு நாள் 9.9 வந்து துள்ளியதையும், மறுநாள் 10.2 வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டதையும் சொன்னாள். அந்த இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

இன்னொரு நாள் திடீரென்று 19.8. ரம்புத்தான் உரித்த கையோடு விரலைக் குத்தியிருக்கிறாள். விரலில் ஒட்டிய பழச்சாறு இரத்தத் துளியில் கலந்துவிட்டது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி பார்த்தால் 8.7. நம்ப முடியாத எண் வந்தால், ஊசியைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். 19.8ஐ நம்பி ஊசி போட்டிருந்தால் ஓரிரு மணி நேரத்தில் தாழ்நிலைக்குப் போயிருப்பாள். கையில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. அது தோலுக்கடியில் உள்ள நீரை அளப்பதால் இரத்த அளவுக்குச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் இல்லாத தாழ்நிலையைக் காட்டும். உடம்பு சொல்வதும் திரை சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் விரலில் ஒரு முறை பார்த்துவிடலாம்.

வீட்டில் மாற்றியது மூன்றே பேச்சு. ‘சோதனை பண்ணினியா’ என்பதை விட்டு, ‘அளவு பார்த்தியா’. ‘நல்லா இருக்கு, மோசமா இருக்கு’ என்பதை விட்டு, ‘ஏறியிருக்கு, இறங்கியிருக்கு’. ‘என்ன சாப்பிட்ட?’ என்பதை விட்டு, ‘இப்ப என்ன செய்யணும்?’. மூன்றாவதுதான் அம்மாவுக்குக் கடினமாக இருந்தது. முதல் வாரம் வாய் தவறி வந்துவிடும் என்றும், பிள்ளையே, “அம்மா, மூணாவது!” என்று நினைவூட்டுவாள் என்றும் சொன்னார். ‘என்ன சாப்பிட்ட?’ என்ற கேள்வியே கூடாது என்பதல்ல. ஊசி அளவைச் சரிபார்க்கும்போது அது தேவை. மீட்டர் பீப் அடித்த கையோடு கேட்டால்தான் அது விசாரணையாகிவிடுகிறது. வாரக் கடைசியில் புத்தகத்தை விரித்துவைத்து எல்லாரும் உட்கார்ந்து கேட்டால், பிள்ளையும் ஞாபகப்படுத்திச் சொல்கிறாள்.

புத்தகத்தையும் மாற்றினோம். பழைய புத்தகத்தில் தேதி, நேரம், எண் என்று மூன்று கட்டம்தான். புதியதில் எண்ணுக்குப் பக்கத்தில் அகலமாக ஒரு கட்டம்: அதற்கு முன் நடந்தது. ஊசி போட்ட நேரம், விளையாட்டு, காய்ச்சல், மாதவிலக்கு, ஊசி மறந்தது, எதுவானாலும் இரண்டு சொல். போன முறை வந்தபோது அந்தக் கட்டத்தில் ஒன்று பார்த்தேன்: “16.8 – கூட்டாளி பிறந்தநாள், கேக், எல்லாரும் பார்த்தாங்க, ஊசி போடல.” ஒரு தோழியிடம் சொல்லி வைத்தால் பாத்ரூமுக்குப் போய்ப் போட்டுவிட்டு வர முடியுமா, பேனா ஊசியைப் பென்சில் பையில் வைத்துக்கொள்ளலாமா என்றெல்லாம் அன்றைக்குப் பேசினோம். வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். பழைய புத்தகமாக இருந்தால் அந்த இடத்தில் 6.8 என்று இருந்திருக்கும்.

இப்போது அவளே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறாள். கணிதத் தேர்வு நடந்த இரண்டு காலையிலும் சாப்பாடும் ஊசியும் வழக்கம்போலத்தான், ஆனால் பத்து மணிக்கு 4, 5 கூடுதல். பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோனா, பதற்றத்தில் வேகமாகக் குடித்த மைலோவா, கால் மணி நேரம் காத்திருக்காமல் ஊசி போட்டதும் சாப்பிட்டதா? மூன்றையும் புத்தகத்தில் எழுதியிருக்கிறாள். அடுத்த மாதம் அறிவியல் தேர்வு. அன்றைக்கு 8, 9, 10 மணிக்கு அளவு பார்க்க ஆசிரியரிடம் அனுமதி வாங்கியாயிற்று.